சாலையில் வண்டி, குழியில் கருவி

கரிசல் காட்டில் பண்ணைக்குட்டை வெட்டுவது ஜேசிபிக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த வாரத்தில் அந்த மண்ணை நம்ப முடியாது. மேலே காய்ந்து வெடித்திருக்கும். ஒரு முழம் கீழே களியாக இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் காடு ஒன்றில் அப்படி ஒரு நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆபரேட்டர் குட்டையின் ஓரத்தில் பின்பக்க ஜாக்கிகளை ஊன்றி, கையை முழுக்க நீட்டி, நிறைந்த பக்கெட்டைப் பக்கவாட்டில் திருப்புகிறார். ஒரு ஜாக்கியின் அடியில் மண் உள்வாங்குகிறது. ஏழரை டன் எந்திரம் சரிந்து குட்டைக்குள் புரள்கிறது. ஆபரேட்டர் சிராய்ப்போடு தப்பிவிடுகிறார். கேபின் நசுங்கி, பூம் வளைந்து, ஹைட்ராலிக் சிலிண்டர்கள் கோணிக் கிடக்கின்றன.

உரிமையாளருக்கு வயிறு கலங்கினாலும் ஒரு தெம்பு இருக்கும். வண்டிக்கு ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ இருக்கிறதே! கடன் போட்டு எடுத்த அன்றே போட்டுக் கொடுத்தார்கள். வருடம் தவறாமல் புதுப்பித்தும் வருகிறார். தீ, திருட்டு, வெள்ளம், நிலச்சரிவு, விபத்து என்று எல்லாமே அந்தப் பாலிசியில் அச்சாகியிருக்கின்றன. ஆனால் வந்து பார்க்கிற சர்வேயரின் கண் அந்தப் பட்டியலில் நிற்காது. பாலிசியோடு இணைத்திருக்கும் கூடுதல் வாசகங்களில் ஐஎம்டி 47 என்ற எண்ணைத்தான் அவர் தேடுவார்.

ஐஎம்டி என்பது 2002இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான கட்டணத்தை 2007 ஜனவரி முதல் நிறுவனங்களே முடிவு செய்துகொள்கின்றன என்றாலும், பாலிசி வாசகங்கள் பெரும்பாலும் இன்னும் அந்தப் புத்தகத்தின் சாயலில்தான் இருக்கின்றன. அதில் 47ஆம் எண் கிரேன், துளையிடும் ரிக், மண் அள்ளும் எந்திரம் போன்றவற்றுக்கு உரியது. அது சொல்வது இரண்டே சங்கதி. எந்திரத்தைக் கருவியாக இயக்கும்போது அது கவிழ்ந்தால், அந்தச் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை. அதேபோல, கருவியாக இயக்கும்போது பிறருக்கு நேரும் இழப்புக்கு, மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துகிற அளவுக்கு மேல் பொறுப்பில்லை. தீ, வெடிப்பு, மின்னல், திருட்டு ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு மட்டும் முதல் விலக்கு பொருந்தாது.

கூடவே ஒரு குறிப்பும் உண்டு. கவிழ்தலையும் சேர்க்கக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால், அந்த முதல் பத்தியை நீக்கிவிட வேண்டும். அதாவது இந்தப் பாதுகாப்பு விற்பனைக்கு இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். கோவில்பட்டிக் கதையில் உரிமையாளர் அதைக் கேட்கவில்லை, யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. லாரிக்குப் பாலிசி போடுகிற அதே கையால் ஜேசிபிக்கும் போட்டுவிடுவது ஊர் வழக்கம்.

விலக்கு ஏன் என்று கேட்டால், காப்பீட்டுக்காரர்களின் கணக்கு புரியாததல்ல. லாரி ஓடுவதற்காகப் பிறந்தது. ஓடும்போது என்ன நேரும் என்பதை வைத்தே மோட்டார் பிரீமியம் கணக்கிடப்படுகிறது. ஜேசிபி ஓடுவது, அடுத்த வேலைக்களத்துக்குப் போய்ச் சேர்வதற்காக மட்டுமே. அங்கே ஜாக்கியை ஊன்றியதும் அது வண்டி என்ற நிலையை விட்டுக் கருவியாகிறது. இளகிய கரை, பாறைச் சரிவு, அளவுக்கு மீறிய பாரம் என்று ஆபத்துகளின் வகையே மாறிவிடுகிறது. அந்த ஆபத்துகளுக்காகவே வேறொரு பாலிசி இருக்கிறது.

அதற்கு முன், எது வண்டி என்பதையே சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988, சாலையில் பயன்படத் தகுந்த எந்திர ஊர்தி அனைத்தையும் மோட்டார் வாகனம் என்கிறது. தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைபட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படும்படி அமைந்த சிறப்பு ஊர்திகளை விலக்குகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் ‘கட்டுமான எந்திர வாகனம்’ என்று தனி வகையே வைத்திருக்கின்றன. ரப்பர் டயரில் ஓடும் பேக்ஹோ, லோடர், டம்பர், கிரேன், எஃகு உருளை வைத்த ரோடு ரோலர் எல்லாம் அதில் அடங்கும். இவை சாலையில் ஓடுவது முக்கியப் பணிக்கு இடையே தற்செயலாகக் கொஞ்ச நேரம், அதுவும் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் என்கிறது விதி. சொந்த பலத்தில் பொதுச் சாலையில் ஓட வசதியில்லாத எந்திரங்கள் இந்த வகைக்குள் வரமாட்டா.

நம் ஊர்ப் பேச்சில் இதை ‘டயர் வண்டி, செயின் வண்டி’ என்று சுருக்கமாகப் பிரித்துவிடுகிறார்கள். ஜேசிபி என்று பொதுவாகச் சொல்லப்படும் பேக்ஹோ லோடர் டயர் வண்டி. அதற்கு ஆர்.சி. உண்டு, நம்பர் பிளேட் உண்டு. ஹிட்டாச்சி என்றும் பொக்லைன் என்றும் சொல்லப்படும் பெரிய எக்ஸ்கவேட்டர் செயின் வண்டி. லோபெட் டிரெய்லரில் ஏறித்தான் ஊர்விட்டு ஊர் போகும்.

‘நான் வேலைக்களத்துக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன், எனக்கு எதற்குப் பதிவு?’ என்ற வாதம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கேரளத்தில் எக்ஸ்கவேட்டர்களுக்கும் ரோடு ரோலர்களுக்கும் நுழைவு வரி கேட்டபோது எழுந்த போஸ் ஆபிரகாம் வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் இவை மோட்டார் வாகனங்களே என்றது. அடைபட்ட இடத்தில் மட்டும் பயன்படுத்துகிறோம் என்பது அதன் தன்மையை மாற்றாது. சாலையில் ஓடத் தகுந்ததா என்பதே கேள்வி.

ஆகவே டயர் வண்டிக்குப் பதிவும் மூன்றாம் நபர் காப்பீடும் இல்லாமல் சாலையில் சக்கரம் வைக்கக் கூடாது. சட்டத்தின் 146ஆம் பிரிவு பொது இடத்தில் ஓடும் எந்த மோட்டார் வாகனத்துக்கும் இதைக் கட்டாயமாக்குகிறது. பதிவைத் தள்ளிப்போடுவதன் விலை என்ன என்பதற்கு 2014ஆம் ஆண்டின் நரிந்தர் சிங் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் சம்பந்தப்பட்டது ஒரு பிக்கப் வண்டி. தற்காலிகப் பதிவு முடிந்த சில வாரங்களில் விபத்து. பாலிசி உயிரோடு இருந்தும், பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டியது பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறியது என்று சொல்லி, சேதத்துக்கான கோரிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. புது எந்திரத்தை ‘சைட்டில்தானே நிற்கிறது’ என்று பதிவு செய்யாமல் வைத்திருந்து, டீசல் போட மட்டும் சாலைக்குக் கொண்டு வருகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி அந்த இன்னொரு பாலிசி. காண்ட்ராக்டர்ஸ் பிளான்ட் அண்ட் மெஷினரி பாலிசி என்பது அதன் பெயர், தொழிலில் சி.பி.எம். என்பார்கள். மோட்டார் பிரிவில் இது கிடைக்காது. பொறியியல் காப்பீடு என்ற தனிப் பிரிவில் வரும். எந்திரம் வேலையில் இருக்கும்போதும், சும்மா நிற்கும்போதும், துப்புரவுக்காகக் கழற்றிப் பூட்டும்போதும், அதே வளாகத்துக்குள் இடம் மாற்றும்போதும் எதிர்பாராமல் நேரும் சேதத்தை அது ஏற்கிறது. விலக்குப் பட்டியலில் இல்லாத எதுவும் உள்ளே என்ற முறையில் எழுதப்பட்ட பாலிசி இது. கரை சரிந்து கவிழ்தல் விலக்குப் பட்டியலில் இல்லை.

செயின் வண்டிக்கு இதுவே முழுத் துணை. டயர் வண்டிக்காரருக்கு இரண்டு வழிகள் உண்டு. மோட்டார் பேக்கேஜ் பாலிசியில் கவிழ்தலுக்கான கூடுதல் பிரீமியத்தைக் கட்டுவது ஒன்று. சாலைக்கு மூன்றாம் நபர் மோட்டார் பாலிசி மட்டும் எடுத்துவிட்டு, எந்திரத்தின் சேதத்துக்கு சி.பி.எம். எடுப்பது மற்றொன்று. எது நல்லது என்பது எந்திரம் எங்கே அதிக நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் இழப்பீட்டைக் கணக்கிடும் முறை இரண்டிலும் வேறு வேறு. பலர் இடறி விழுவது இங்கேதான்.

கோவில்பட்டி எந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டரை ஆண்டுக்கு முன் 32 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அதே மாடல் இன்று புதிதாக வாங்கினால் 36 லட்சம். பழுதுக்கு ஆறு லட்சம் மதிப்பீடு வருகிறது. அதில் இரும்புப் பாகங்கள் 4,80,000, ரப்பர் ஹோஸ் முதலியவை 40,000, கூலி 80,000. கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்ட தொகைகள் இவை.

கவிழ்தல் சேர்க்காத மோட்டார் பாலிசியில் இழப்பீடு பூஜ்யம். சேர்த்திருந்தால், தேய்மானம் போகக் கிடைக்கும். இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் வண்டியின் உலோகப் பாகங்களுக்கு டாரிஃப் 15 சதவீதமும், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வயது பாராமல் 50 சதவீதமும் கழிக்கச் சொல்கிறது. இரும்புக்கு 4,08,000, ஹோஸ்களுக்கு 20,000, கூலி முழுதாக 80,000. ஆக 5,08,000 ரூபாய். உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய ‘எக்ஸஸ்’ தொகை இதில் போகும்.

சி.பி.எம். பாலிசியில் பகுதிச் சேதத்துக்கு மாற்றும் பாகங்களில் பொதுவாகத் தேய்மானம் கழிப்பதில்லை. கேட்க இனிப்பாக இருக்கும். அதற்குப் பதிலாக அது ஒன்று கேட்கிறது: காப்பீட்டுத் தொகை, அதே வகை, அதே திறன் கொண்ட புது எந்திரத்தின் இன்றைய விலையாக இருக்க வேண்டும். வாகன வாடகை, வரி எல்லாம் சேர்த்து. நம் உரிமையாளர் ‘பழைய வண்டிதானே, சந்தையில் 24 லட்சம் போகும்’ என்று 24 லட்சத்துக்குப் போட்டிருந்தால், 36இல் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறார். இழப்பீடும் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். அடிக்கடி மாற்ற வேண்டிய ஹோஸ், பெல்ட், டயர், பேட்டரி, பக்கெட் பல் போன்றவை பெரும்பாலான சி.பி.எம். பாலிசிகளில் விலக்கு. எனவே 5,60,000க்கு மூன்றில் இரண்டு, சுமார் 3,73,000. அதிலிருந்து எக்ஸஸ் வேறு போகும். 36 லட்சத்துக்குப் போட்டிருந்தால் 5,60,000 ரூபாயில் எக்ஸஸ் மட்டுமே குறைந்திருக்கும்.

எந்திரம் முழுசாகவே போய்விட்டால் கணக்கு தலைகீழ். மோட்டார் பாலிசியில் ஐடிவி என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒப்புக்கொள்கிறார்கள். டாரிஃப் அட்டவணைப்படி இந்த வயதுக்கு 30 சதவீதம் தேய்மானம் போக, 32 லட்சத்துக்கு 22,40,000. பழுதுச் செலவு ஐடிவியின் 75 சதவீதத்தைத் தாண்டினாலும் முழு இழப்பாகக் கொள்வார்கள். சி.பி.எம்.மில் அப்படி முன்கூட்டி ஒப்புக்கொண்ட தொகை கிடையாது. விபத்துக்கு முந்தைய நொடியில் அந்த எந்திரம் என்ன பெறும் என்று சர்வேயர் மதிப்பிடுவார். மணி மீட்டரில் ஓடிய நேரம், சர்வீஸ் ரசீதுகள், பராமரிப்பு எல்லாம் அந்த மதிப்பீட்டில் பேசும். ‘36 லட்சத்துக்கு பிரீமியம் வாங்கிவிட்டு 20 லட்சம் தருகிறார்களே’ என்ற கோபம் இங்கிருந்துதான் பிறக்கிறது. கோபத்தில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் வருகிற கோரிக்கைகளில் பெரும்பாலானவை பகுதிச் சேதம்தான், அந்த 36 லட்சம் உதவுவது அங்கே. இதை விற்கும்போதே எடுத்துச் சொல்லாதது விற்பவர்களின் பிழை.

சி.பி.எம். எல்லாவற்றையும் ஏற்கிறது என்று நினைத்துவிடவும் கூடாது. அதன் விலக்குகளில் சில தமிழ்நாட்டு வேலைகளோடு நேராக மோதுபவை.

கடலோரக் கிராமங்களில் தூண்டில் வளைவு கட்டும்போது, கொட்டிய பாறைகளின் மேலேயே எக்ஸ்கவேட்டர் ஏறி நின்று அடுத்த பாறையைக் கடலுக்குள் தள்ளுகிறது. அலை எழும்பும் நாளில் அது எவ்வளவு நெருக்கமான விளையாட்டு என்பது ஆபரேட்டர்களுக்குத் தெரியும். வழக்கமான சி.பி.எம். வாசகம், அலையேற்றம் உள்ள நீரில் எந்திரம் முழுதாகவோ பகுதியாகவோ மூழ்குவதால் வரும் சேதத்தை விலக்குகிறது. மழை வெள்ளம் வேலைக்களத்துக்குள் புகுந்தால் கிடைக்கும். கடல் நீரில் இறங்கிவிட்டால் கிடைக்காது. சுரங்கத்துக்குள் வேலை செய்யும் எந்திரமும் முன்கூட்டி ஒப்புக்கொண்டால் ஒழிய விலக்குதான். மெட்ரோ போன்ற பணிகளில் துணை ஒப்பந்தம் எடுப்பவர்கள் இதைக் கேட்காமல் எந்திரத்தை இறக்கக் கூடாது.

இன்னொரு விலக்கு, எந்திரத்தை அது எதற்காக வடிவமைக்கப்பட்டதோ அதற்கல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது. 2023 ஜனவரியில் அரக்கோணம் பக்கத்துக் கீழ்வீதி கிராமத்தில், கோயில் திருவிழாவில் சாமிக்கு மாலை போடுவதற்காக ஆட்களைத் தூக்கிய கிரேன் கவிழ்ந்து நால்வர் இறந்தார்கள். பாரம் தூக்கும் கிரேனில் பக்தர்கள் தொங்குவதும், ஜேசிபி பக்கெட்டில் ஆளை நிறுத்தி மரக்கிளை வெட்டுவதும், பக்கெட்டிலிருந்து பூத்தூவி தலைவர்களை வரவேற்பதும் நாம் அன்றாடம் பார்க்கிற காட்சிகள். அப்படி ஒரு நாளில் எந்திரம் சேதமானால், எந்த சர்வேயரின் பேனாவும் இந்த விலக்கின் மேல்தான் போய் நிற்கும். உயிர் போன குடும்பத்தின் கோரிக்கை வேறு. அது உரிமையாளரின் சொத்தைத் தேடி வரும்.

எஞ்சின் சூடாகிப் பிடித்துக்கொள்வது, ஹைட்ராலிக் பம்ப் செத்துப்போவது போன்ற உள் கோளாறுகளும் சேராது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோளாறால் ஒரு விபத்து நேர்ந்து வெளிச்சேதம் வந்தால், அந்த வெளிச்சேதம் சேரும். பிரேக் பழுதாகி எந்திரம் சரிவில் உருண்டால் பிரேக்குக்குப் பணம் வராது, நசுங்கிய கேபினுக்கு வரும். சர்வேயரிடம் ‘பிரேக் போச்சு சார்’ என்று சொன்னதாலேயே எல்லாம் போய்விட்டது என்று பயந்து உரிமையாளர்கள் கதையை மாற்றிச் சொல்வதுண்டு. அது தேவையும் இல்லை, நல்லதும் இல்லை. பொய் பிடிபட்டால் வரவேண்டியதும் வராது.

அடுத்தது பயணம். மோட்டார் பேக்கேஜ் பாலிசி, வண்டியைச் சாலை வழியாகவோ ரயில் வழியாகவோ ஏற்றிச் செல்லும்போது நேரும் சேதத்தையும் ஏற்கிறது. சி.பி.எம். அதை விலக்குகிறது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழி அதன் எல்லைக்கு வெளியே. ஆகவே, பதிவெண் இல்லாத செயின் வண்டி லோபெட்டில் நாமக்கல்லிலிருந்து தேனிக்குப் போகும் அந்த ஓர் இரவு, தனியாக உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீடு எடுக்காவிட்டால் அதற்கு எந்தப் பாலிசியும் இல்லை. சாய்தளத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் வழுக்கிச் சாய்வது செயின் வண்டிகளுக்கு நேரும் வழக்கமான விபத்து. ஏற்றி இறக்கும் அந்த சில நிமிடங்கள் எந்தப் பாலிசியில் சேர்கின்றன என்பதை இரண்டு பக்கமும் எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. பாலிசி எந்த வேலைக்களத்துக்கு என்பதும் முக்கியம். ஒரே முகவரிக்குப் போட்ட பாலிசி அடுத்த மாவட்டத்தில் உதவாது. வாடகைக்கு விடுபவர்கள் எந்த இடத்துக்கும் பொருந்தும் ‘ஃப்ளோட்டர்’ வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ராக் பிரேக்கர் போல மாட்டிக் கழற்றும் உபகரணங்களின் விலையும் வரிசை எண்ணும் பாலிசியின் அட்டவணையில் ஏறியிருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எந்திரத்தின் சேதம். பிறருக்கு நேரும் சேதம் தனிக் கதை.

சாலையில் ஓடும் ஜேசிபி ஒருவர் மேல் மோதினால் சிக்கலே இல்லை. மூன்றாம் நபர் பாலிசி பொறுப்பேற்கும், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அதில் உச்சவரம்பு கிடையாது. நின்று தோண்டிக்கொண்டிருக்கும்போது கை திரும்பி வழிப்போக்கர் மேல் பட்டால்? அது வாகனத்தின் ‘பயன்பாடு’ தானா என்று வாதம் எழும். மகாராஷ்டிரத்தில் 1987இல் மோதிக் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்து, அங்கே கூடியிருந்தவர்கள் இறந்த வழக்கில், வண்டி ஓடாமல் கிடந்தாலும் அது பயன்பாடே என்று உச்ச நீதிமன்றம் 1991இல் விரிவாகப் பொருள் கொண்டது. அந்தப் பார்வை பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்கிறது. ஆனால் வேலைக்களம் பொதுமக்கள் வந்துபோக உரிமையில்லாத வேலியிட்ட இடமாக இருந்தால், ‘பொது இடம்’ இல்லை என்ற வாதத்தை நிறுவனம் எடுக்கும். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்.

சொத்துச் சேதத்தில் நிலைமை இன்னும் மோசம். வணிக வாகனப் பேக்கேஜ் பாலிசியில் பிறர் சொத்துக்கான வழக்கமான வரம்பு 7,50,000 ரூபாய். எந்திரம் கருவியாக வேலை செய்யும்போதோ ஐஎம்டி 47இன் இரண்டாம் பத்தி அதையும் சட்டத்தின் குறைந்தபட்சத்துக்குச் சுருக்கிவிடுகிறது. கவிழ்தலுக்கான கூடுதல் பிரீமியம் கட்டினாலும் நீங்குவது முதல் பத்தி மட்டும். இரண்டாவது அப்படியே இருக்கும். ஜேசிபியின் பக்கெட் தினமும் எதைக் கிழிக்கிறது? ஃபைபர் கேபிள், மின்கேபிள், குடிநீர்க் குழாய், பக்கத்து வீட்டு அஸ்திவாரம். சி.பி.எம்.மிலும் இது தானாக வராது. மூன்றாம் நபர் பொறுப்பு, சுற்றியுள்ள சொந்தச் சொத்து, இடிபாடு அகற்றும் செலவு எல்லாம் தனித்தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியவை. நிலத்தடிக் கேபிளுக்கான பொறுப்பை ஏற்கும் நிறுவனங்களும், தோண்டுவதற்கு முன் கேபிள் எங்கே போகிறது என்று உரிய துறையிடம் விசாரித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பது வழக்கம். இதற்காகவே மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைத் தொடங்கியது. தோண்டப் போகும் இடத்தை அதில் பதிந்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் அமைப்புகளுக்குத் தகவல் போகும். அபராதத்துக்குப் பயந்து செய்வது ஒருபுறம். விசாரித்ததற்கு அது ஒரு பதிவாக இருக்கும் என்பது காப்பீட்டுக்கு உதவும்.

பெரிய கம்பெனியின் கீழ் வேலை செய்யும் எந்திரக்காரர்கள் இன்னொரு தவறான நம்பிக்கையில் இருப்பதுண்டு. ‘ப்ராஜெக்ட்டுக்கே இன்சூரன்ஸ் இருக்கிறது, நம் வண்டியும் அதில் வந்துவிடும்.’ அந்தப் பாலிசி கட்டப்படுகிற பாலத்துக்கோ கட்டடத்துக்கோ உரியது. ஒப்பந்ததாரரின் எந்திரங்களைப் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தால் மட்டுமே அவை அதில் வரும். துணை ஒப்பந்ததாரரின் வாடகை ஜேசிபி பெரும்பாலும் வராது. ஆபரேட்டரும் உதவியாளரும் காயப்பட்டால் அந்தப் பொறுப்பும் சி.பி.எம்.மில் இல்லை, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு தனியாக வேண்டும். 2022 மே மாதத்தில் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறைகள் சரிந்து, எந்திரங்களில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் சிக்கினார்கள். அப்படிப்பட்ட ஒரு சரிவில் எந்திரத்துக்கு ஒரு பாலிசி, அதை இயக்கியவருக்கு வேறொரு பாலிசி என்றுதான் பொறுப்பு பிரிகிறது.

விபத்து நேர்ந்துவிட்டால், ஆளைக் காப்பாற்றியபின் செய்ய வேண்டிய முதல் காரியம் எந்திரத்தை இழுப்பதல்ல, படம் எடுப்பது. ஜாக்கி ஊன்றிய பள்ளம், கரையின் விளிம்பு, மணி மீட்டரின் எண், எந்திரத்தின் வரிசை எண் எல்லாம் தெரிய வேண்டும். கிரேன் வைத்துத் தூக்குவதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். அவசரமாகத் தூக்க வேண்டியிருந்தால் அதையும் எழுத்தில் சொல்லிவிடலாம். ஆபரேட்டரின் உரிமத்தில் அந்த வகை எந்திரம் இருக்கிறதா என்பதை சர்வேயர் கேட்பார். அன்றைய வேலை ஆணையையும் லாக் ஷீட்டையும் கேட்பார். கழற்றிய பழைய பாகங்களைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாமல், அவர் பார்க்கும்வரை வைத்திருக்க வேண்டும்.

கடன் இருக்கும் எந்திரமானால், பாலிசியில் நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கும். முழு இழப்புத் தொகை முதலில் அவர்களுக்குத்தான் போகும். மிச்சம் இருந்தால் உரிமையாளருக்கு. கடன் பாக்கி இழப்பீட்டைவிட அதிகமானால் எந்திரமும் இல்லாமல் தவணையும் கட்ட வேண்டி வரும். பழுது பார்க்கும் வாரங்களில் போன வாடகை வருமானத்தை இந்த இரண்டு பாலிசிகளுமே தருவதில்லை.

கோரிக்கையை மறுத்தால் ‘இது வியாபார எந்திரம், நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது’ என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்திருக்கிறது. இழப்பை ஈடுகட்ட எடுக்கிற காப்பீட்டுக்கும் லாபம் ஈட்டும் தொழிலுக்கும் நேரடித் தொடர்பு இல்லாதவரை, வணிக நிறுவனமும் காப்பீட்டு விஷயத்தில் நுகர்வோரே. ஆகவே ஒற்றை ஜேசிபி வைத்திருப்பவரும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். மறுப்புக் கடிதத்தின் தேதியை அதனால் பத்திரமாக வைத்திருங்கள்.